'யார்', 'பாஸ்': இந்திப் பட வசனத்தில் இரண்டு விளிச்சொற்களும் அவற்றின் தொனியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'யார்' என்றால் நண்பன் என்றுதானே சொல்லித்தந்தார்கள்? பிறகு ஏன் பல இடங்களில் எரிச்சலாகக் காதில் விழுகிறது?

சொல்லித்தந்தது தவறில்லை; ஆனால் அது பாதிதான். பாரசீகத்திலிருந்து உருது வழியாக இந்திப் பேச்சுக்குள் வந்த இச்சொல்லுக்குத் துணைவன், தோழன், காதலுக்குரியவர் என்ற பொருள்கள் உண்டு. சூஃபிக் கவிதைகளில் அது இறைவனையே குறிக்கும் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. ஆனால் இன்றைய பட வசனத்தில் அது மூன்று வேறு வேலைகளைச் செய்கிறது. 'மேரா யார்' என்று சொல்லும்போது அது பெயர்ச்சொல். 'என் நண்பன்' என்பதற்குச் சமம். 'ஸுன் யார்' என்னும்போது அது விளி. எதிரில் நிற்பவனை அழைத்துக் 'கேளடா' என்கிறது. 'க்யா யார்!' என்னும்போது யாரையும் அழைக்கவில்லை. கையிலிருந்த தேநீர்க் குவளை நழுவி விழுந்த கணத்தில், தனியாக அறையில் இருப்பவன்கூட அதைச் சொல்வான். அது நம்முடைய 'சே', 'என்னப்பா இது' ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது.

இந்த மூன்றாவது வகையை அடையாளம் காண எளிய சோதனை ஒன்று உண்டு. 'யார்' வரும் இடத்தில், அதே பொருள் கொண்ட 'தோஸ்த்' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'மேரா தோஸ்த்' சரியாக நிற்கும். 'ஸுன் தோஸ்த்' சற்று நாடகத்தனமாக இருந்தாலும் நிற்கும். 'க்யா தோஸ்த்!' என்று குவளையை நழுவவிட்டவன் சொல்லவே மாட்டான். எங்கே 'தோஸ்த்' நிற்க மறுக்கிறதோ அங்கே நட்பைத் தேடுவது வீண். அங்கே அந்தச் சொல்லின் உணர்ச்சி முழுவதும் தொனியில்தான் இருக்கிறது. நீங்கள் எரிச்சலாகக் கேட்டவற்றில் பெரும்பாலானவை இந்த வகையாகத்தான் இருக்கும்.

பெயர்ச்சொல்லாக வரும்போதும் தொனியால் பொருள் மாறுமா?

அவ்வளவாக மாறாது. பெயர்ச்சொல்லான 'யார்' கனமானது; சத்தியம் செய்வதற்கும் பாட்டெழுதுவதற்கும் உகந்தது. 1973இல் வெளிவந்த 'ஜஞ்சீர்' படத்தில் பிரான் நடித்த பதான் பாத்திரத்துக்காக மன்னா டே பாடிய பாடல், 'யாரி'யையே, அதாவது நட்பையே, தன் ஈமான், தன் மதநம்பிக்கை, என்று சொல்லித் தொடங்குகிறது. அந்த இடத்தில் சொல்லைச் சற்றே இறக்கிச் சொன்னாலும் ஏற்றிச் சொன்னாலும் கனம் குறைவதில்லை. விளியாகவும் இடைச்சொல்லாகவும் வரும்போதுதான் சொல் காலியான பாத்திரம்போல் ஆகிறது. குரல் எதை ஊற்றுகிறதோ அதுவே அதன் பொருள்.

வாக்கியத்தின் முதலில் வரும் 'யார்', கடைசியில் வரும் 'யார்' இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. தொனியை ஆராய்வதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியதே இந்த இடம்தான்.

'தூ ஸமஜ்தா நஹீ ஹை' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'உனக்குப் புரியமாட்டேன் என்கிறது' என்பது அதன் பொருள். வேறெதுவும் சேராமல் இது ஒரு குற்றச்சாட்டு. 'யார், தூ ஸமஜ்தா நஹீ ஹை' என்று விளியை முன்னால் வைத்தால், பேசுபவன் முதலில் ஒரு கையை நண்பனின் தோளில் வைத்துவிட்டுப் பிறகு குற்றத்தைச் சொல்கிறான். முறையீட்டின் சாயல் வருகிறது. முன்னால் வரும் 'யார்' பெரும்பாலும் ஏதோ ஒன்றுக்குத் தயார்ப்படுத்துகிறது: கடன் கேட்கப்போகிறான், மனத்திலிருப்பதைக் கொட்டப்போகிறான், அல்லது மறுக்கப்போகிறான். அதற்குப் பின் வரும் இடைவெளி நீளமாக இருந்தால், வரப்போகும் செய்தி கனமானது என்று காத்திருக்கலாம்.

'தூ ஸமஜ்தா நஹீ ஹை யார்' என்று விளி கடைசிக்குப் போனால் வேலை மாறுகிறது. குற்றச்சாட்டு முழுவதும் சொல்லப்பட்டுவிட்டது. வால்போல் ஒட்டிய அந்தச் சொல், சொன்னதன் கூர்மையை மழுக்குகிறது. இந்தக் கடைசி 'யார்' வாக்கியத்தோடு ஒரே மூச்சில், தாழ்ந்த குரலில், அழுத்தமின்றி வரும்போதுதான் இப்படி மழுக்கும். வாக்கியம் முடிந்து, ஒரு நொடி நின்று, 'யார்' மட்டும் தனியாக அழுத்திச் சொல்லப்பட்டால் மழுக்குவதற்குப் பதிலாகக் கூர்மை கூடுகிறது. 'உன்னிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே' என்ற அலுப்பு அதில் ஏறிவிடுகிறது. எழுத்தில் இரண்டும் ஒரே வாக்கியம். இடையில் ஒரு காற்புள்ளி இருந்தால் உண்டு; பல திரைக்கதைப் பிரதிகளில் அதுவும் இருக்காது.

நீட்டிச் சொன்னால் அன்பு கூடும் என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ள முடியாது. நீட்டுவது உணர்ச்சியைப் பெரிதாக்கும். எந்த உணர்ச்சி என்பதைக் குரலின் ஏற்ற இறக்கம்தான் சொல்லும்.

இதற்குச் சொல்லின் ஒலியமைப்பே காரணம். 'யார்' என்பதில் நெடிலான ஆகாரம் இருக்கிறது; இறுதியிலுள்ள ரகரமும் குரலோடு ஒலிப்பது. ஆகவே தொடக்கம் முதல் கடைசி வரை நடிகர் குரலை ஏற்றலாம், இறக்கலாம், வளைக்கலாம், நடுவில் உடைக்கலாம். சொல் முடியும்வரை சுருதி காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

'நஹீ யார்' என்ற இரண்டே சொற்களை நான்கு விதமாகச் சொல்லிப் பார்க்கலாம். குரலைச் சீராக இறக்கி, குறுக்கிச் சொன்னால் அது சாதாரண மறுப்பு: 'இல்லப்பா, வரலை' என்பதுபோல். 'நஹீ'யைத் தாழ்வாகத் தொடங்கி, 'யார்' மேலேறி நின்றால் அது நம்ப முடியாத வியப்பு; நண்பனுக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டவன் அப்படிச் சொல்வான். 'யா' என்பதை உயரத்தில் பிடித்து நீளமாக இறக்கினால் கெஞ்சல் அல்லது செல்லச் சிணுங்கல். நீளம் இருந்தும் சுருதி அசையாமல் தட்டையாக, மூச்சை வெளியேற்றிக்கொண்டே வந்தால் சோர்வு. துக்கத்துக்கு மிக அருகில் இருக்கும் தொனி அது. மூன்றாவதும் நான்காவதும் கால அளவில் ஏறக்குறைய ஒன்றே. நீளத்தை மட்டும் கவனிப்பவர் இரண்டையும் ஒன்றாக எண்ணி, சாவு வீட்டுக் காட்சியில் சிணுங்கலை எழுதிவிடுவார்.

'பாஸ்' எப்படி இந்தப் பட்டியலில் சேர்ந்தது? அது முதலாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாயிற்றே?

ஆங்கிலத்துக்கே அது கடன்தான். எஜமான் என்று பொருள்படும் டச்சுச் சொல் ஒன்று அமெரிக்காவுக்குப் போய், அங்கே ஆங்கிலத்தில் கலந்து, பிறகு உலகைச் சுற்றி வந்தது. இந்திப் படங்களில் அதற்கு இரண்டு பரம்பரைகள் உண்டு. ஒன்று கொள்ளைக்கூட்டப் படங்களிலிருந்து வந்தது. சுழலும் நாற்காலியில் இருப்பவரிடம் அடியாட்கள் 'எஸ் பாஸ்' என்று சொல்வார்கள். அதில் அன்பில்லை, அச்சமும் படிநிலையும்தான். மற்றொன்று தெருவிலிருந்து வந்தது: வண்டியை நகர்த்தச் சொல்லும்போதும், தேநீர்க்கடையில் சில்லறை கேட்கும்போதும், பெயர் தெரியாத ஒருவரை அழைக்கப் பயன்படும் சொல் இது. மும்பையிலும் ஹைதராபாதிலும் இந்தத் தெருப் 'பாஸ்' தாராளமாகப் புழங்குகிறது. சென்னையில் 'பாஸ், கொஞ்சம் தள்ளுங்க' என்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உண்மையான மேலதிகாரியை நேருக்கு நேர் 'பாஸ்' என்று அழைப்பது இந்தி அலுவலகக் காட்சிகளில் அரிது; அங்கே 'ஸர்' தான். ஒருவர் தன் மேலாளரைப் 'பாஸ்' என்று விளித்தால், ஒன்று இருவரும் நெருக்கமானவர்கள், அல்லது அவர் அந்த மேலாளரை மதிக்கவில்லை. எது என்பதை முகத்தைப் பார்க்காமலேயே வினைமுடிவால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இந்தியில் முன்னிலைக்கு மூன்று படிகள்: 'தூ' மிக நெருக்கத்துக்கு அல்லது இழிவுக்கு, 'தும்' நடுவில், 'ஆப்' மரியாதைக்கு. தெருப் 'பாஸ்' பெரும்பாலும் நடுப்படியோடு சேரும்: 'தேக்கோ பாஸ்', 'ஸுனோ பாஸ்', அதாவது 'பார் பாஸ்', 'கேள் பாஸ்'. 'யார்' தூ, தும் இரண்டோடும் இயல்பாகச் சேரும். 'பாஸ்' சொல்லிவிட்டு 'தூ' போட்டு ஒருவர் பேசினால், மரியாதைச் சொல்லும் மரியாதையற்ற வினையும் ஒன்றோடொன்று உரசுகின்றன. கிண்டல் அந்த உரசலிலிருந்துதான் பிறக்கிறது.

இரண்டு சொற்களின் அடிப்படை வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. 'யார்' இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கப் பார்க்கிறது. 'பாஸ்' தூரத்தை அப்படியே விட்டுவிட்டு, எதிரில் இருப்பவரை ஒரு படி உயர்த்தி வைக்கிறது. அறிமுகமில்லாதவரிடம் அது நல்ல பழக்கம். பழைய நண்பனிடம் அதையே செய்தால், 'நீ இப்போது அங்கே நிற்கிறாய்' என்று சுட்டிக்காட்டியதாக ஆகிவிடும்.

'பாஸ்' எப்போது மிரட்டலாகிறது?

கோரிக்கையோடு வரும்போது அது எண்ணெய். மறுப்போடு வரும்போது சுவர். 'பாஸ், ஏக் மினிட்' என்பதில் குரல் லேசாக ஏறி, அடுத்த சொல்லுக்குத் தாவுகிறது. கேட்பவருக்கு மறுக்க மனம் வராது. 'பாஸ், யே நஹீ ஹோகா', அதாவது 'இது நடக்காது' என்பதில் அதே 'பாஸ்' தாழ்ந்த சுருதியில், பின்னால் ஓர் இடைவெளியோடு வந்தால், பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று பொருள்.

இங்கும் ஒலியைக் கவனிக்க வேண்டும். 'பாஸ்' என்பது ஸகரத்தில் முடிகிறது. அந்த ஒலியில் குரலில்லை, காற்று மட்டும்தான். சுருதியை வளைக்க நடிகருக்கு உயிரொலி மட்டுமே கிடைக்கிறது. அதுவும் 'யார்' தரும் இடத்தைவிடக் குறைவு. ஆகவே கெஞ்சலும் சிணுங்கலும் 'பாஸ்' என்பதில் சரியாக வருவதில்லை. கேலியும் வியப்பும் மிரட்டலும் வரும். மிரட்டலுக்கு நடிகர்கள் நீட்டுவது ஸகரத்தைத்தான். காற்று சீறுவதுபோல் முடியும். பாராட்டுக்கு நீட்டுவது உயிரை: 'க்யா பாத் ஹை பாஸ்!' என்பதில் வாய் திறந்து, ஸகரம் சட்டென்று வெட்டப்படும்.

குரலை உயர்த்திச் சொல்லும் 'பாஸ்' அரிதாகவே ஆபத்தானது என்பது என் எண்ணம். குரலைத் தாழ்த்தி, சிரித்துக்கொண்டே, மெதுவாகச் சொல்லப்படும் 'தேக்கோ பாஸ்' வரும்போதுதான் அடுத்த காட்சியில் யாரோ அடிவாங்குகிறார்கள்.

ஒரே காட்சியில் 'யார்' போய் 'பாஸ்' வந்தால் என்ன அர்த்தம்?

ஒரு சிறு காட்சியை இதற்காகவே எழுதிக் காட்டுகிறேன். மும்பையில் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு நண்பர்கள். ஒருவன் வாடகை முன்பணத்துக்காக 20,000 ரூபாய் கொடுத்திருக்கிறான், மாதங்கள் ஓடிவிட்டன. கொடுத்தவன் சட்டை மடித்துக்கொண்டிருக்கிறான், வாங்கியவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கொடுத்தவன்: 'யார், வோ பைஸே...'
வாங்கியவன்: 'தே தூங்கா யார்.'
கொடுத்தவன்: 'கப்?'
வாங்கியவன்: 'போலா நா, தே தூங்கா.'
கொடுத்தவன்: 'டீக் ஹை பாஸ். ஜைஸீ ஆப்கீ மர்ஸீ.'
வாங்கியவன்: 'யார்...'

முதல் வரியில் 'யார்' முன்னால் வருகிறது. கேட்பதற்குக் கூச்சப்படுகிறான், வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. அந்தப் பணம்... என்று தொங்கிப்போகிறது. இரண்டாம் வரியில் 'தருகிறேன்' என்பதன் வாலில் 'யார்' ஒட்டியிருக்கிறது. அது குறுகியும் தாழ்ந்தும் வந்தால் சமாதானம். கண்ணைக் கைபேசியிலிருந்து எடுக்காமல், 'தூங்கா'வுக்குப் பின் சிறிது நின்று வந்தால், தொந்தரவு செய்யாதே என்ற பொருள். காட்சி எந்தப் பக்கம் சாயும் என்பதை நடிகர் இங்கேதான் முடிவு செய்கிறார்.

மூன்றாம் வரியில் 'எப்போது?' என்ற கேள்வி மட்டும். முதல் வரியில் இருந்த விளி இப்போது இல்லை. இதைக் கவனிக்கத் தவறுகிறவர்கள் அதிகம், ஏனெனில் காதில் விழாத ஒன்றைக் கவனிப்பது கடினம். நெருக்கமானவர்களின் பேச்சில் 'யார்' வழக்கமாக வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றுபோனால், அந்த இடைவெளியே ஒரு வசனம். நான்காம் வரியில் வாங்கியவனும் அதைக் கைவிட்டுவிடுகிறான். 'சொன்னேன் அல்லவா' என்ற 'போலா நா' அந்த இடத்தை நிரப்புகிறது.

ஐந்தாம் வரியில் 'பாஸ்' வருகிறது. 'சரி பாஸ். உங்கள் விருப்பம்.' இதுவரை 'நீ' என்று பேசியவன் 'ஆப்' என்ற மரியாதைப் படிக்கு ஏறிவிட்டான். இதைக் கத்திச் சொன்னால் காட்சி கெட்டுவிடும். சட்டையை மடித்தபடியே, குரலில் ஒரு சுருக்கமும் இல்லாமல், கடைக்காரரிடம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். நட்பை அந்நியத்தின் மொழியில் பேசுவதுதான் இங்கே நடக்கும் தாக்குதல். அடுத்த வரியில் வாங்கியவன் சொல்லும் ஒற்றைச் சொல், ஆகாரம் உயரத்தில் தொடங்கி மெல்ல இறங்கும் 'யார்', அந்நியமாகப் போய்விட்டவனை மறுபடியும் அழைக்கிறது. அதில் மன்னிப்பு இருக்கிறது, பணம் இல்லை என்ற ஒப்புதலும் இருக்கிறது. இதற்குப் பின் ஏழாவது வரி தேவையில்லை. எழுதினால் இயக்குநர் வெட்டிவிடுவார்.

பெண்கள் பேசும்போதும், பெற்றோரிடம் பேசும்போதும் 'யார்' வரலாமா?

பெண்கள் தங்களுக்குள் 'யார்' என்று விளித்துக்கொள்வது இன்றைய நகரக் கதைகளில் மிக இயல்பு. சொல் பால் மாறாமல் அப்படியே நிற்கும். ஆனால் பெயர்ச்சொல் வேறு கதை. ஒரு பெண்ணைப் பற்றிப் படர்க்கையில் 'உஸ்கா யார்', அவளுடைய 'யார்', என்று ஒருவர் சொன்னால் பல இடங்களில் அது கள்ளக்காதலனைக் குறிக்கும் வசை. அதே சொல்லை அவள் தன் தோழியிடம் அன்றாடம் சொல்லிக்கொண்டிருப்பாள். இந்தப் பழைய பொருளை அறியாமல், 'அவளுடைய தோழன்' என்று தமிழில் எழுதப்பட்ட ஒரு வரியை நான் பார்த்திருக்கிறேன். ஊரே கைகலப்பில் இறங்கிய காட்சி அது, பார்வையாளர்களுக்குக் காரணம் விளங்கியிருக்காது.

பெற்றோரிடம் வரும் 'யார்' பெரும்பாலும் விளியே அல்ல. 'க்யா யார் மம்மீ' என்று மகள் சலித்துக்கொள்ளும்போது அழைக்கப்படுபவர் 'மம்மீ'. 'யார்' வெறும் சலிப்பு. 'தோஸ்த்' சோதனையைச் செய்து பாருங்கள், உடனே தெரியும். அதையே தந்தையைப் பார்த்து, நிறுத்தி, நேரடியாகச் சொல்லிவிட்டால் அது விளியாகிவிடும். தொனி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் பல குடும்பக் கதைகளில் அதற்கு அறை விழும்.

ஐந்து பேரைப் பார்த்தும் 'சலோ யார்' என்று ஒருமையிலேயே சொல்வார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'யாரோ' என்ற பன்மை விளி உண்டு, ஆனால் பேச்சைவிடப் பாட்டில்தான் அதன் குடியிருப்பு.

பழைய படங்களில் பாட்டில் மட்டுமே கேட்ட 'யார்', இப்போது மூச்சுக்கு மூச்சு வருகிறதே, ஏன்?

வசனத்தின் பாணி மாறியது ஒரு காரணம். மேடைப் பேச்சின் முழக்கத்திலிருந்து நகரத்துப் பேச்சுக்கு எழுத்து இறங்கி வந்தது. மற்றொரு காரணம் ஒலிப்பதிவு. பல பத்தாண்டுகள் இந்திப் படங்களில் வசனத்தைப் படப்பிடிப்புக்குப் பின் ஒலிக்கூடத்தில் மறுபடியும் பேசிப் பதிவு செய்வதே வழக்கமாக இருந்தது. மைக்கின் முன் நின்று, திரையைப் பார்த்து, உதட்டுக்குச் சரியாகப் பேசும் நடிகர் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரிப்பார். வாக்கியத்தின் வாலில் பாதி விழுங்கிச் சொல்லப்படும் 'யார்' அங்கே பிழைப்பது கடினம். 2001இல் வெளிவந்த 'லகான்', 'தில் சாஹ்தா ஹை' இரண்டிலும் வசனம் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவானது. அதன் பின் அம்முறை மெல்லப் பரவியது. இரண்டாவது படத்தில் நண்பர்களின் பேச்சைக் காதில் வாங்கினால், சொற்களுக்கு நடுவே வரும் சிரிப்பும் மூச்சும் விழுங்கலும் அப்படியே இருப்பது தெரியும். தாழ்ந்த, அழுத்தமற்ற, கடைசி 'யார்' பதிவாக அது வசதி செய்து கொடுத்தது.

தமிழில் துணைவசனம் எழுதும்போது 'யார்' என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம். நம் எழுத்தில் அது 'எவர்' என்ற கேள்வியாகத்தான் படிக்கப்படும். 'வா யார்' என்று திரையில் தோன்றினால், வருபவர் எவர் என்று வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். அந்தக் கணத்துக்குள் வசனம் ஓடிவிடும். 'பாஸ்' அவ்வளவு மோசமில்லை. தேர்வில் தேறுவதும் அதே எழுத்துகள்தாம் என்றாலும், விளியாகத் தமிழிலேயே பழகிவிட்டதால் பெரும்பாலும் அப்படியே விடலாம். 'பாஸ்' சொல்லிவிட்டு 'ங்க' சேர்ப்பது நம் வழக்கமும் ஆகையால் பொருத்தமும் கெடாது.

'யார்' என்பதற்கு ஒரே ஈடு தேடுவதுதான் தவறு. குறுகிய கடைசி 'யார்' என்றால் 'டா' அல்லது 'ப்பா' போதும். முன்னால் வந்து தயார்ப்படுத்தும் 'யார்' என்றால் 'டேய், இங்கே பாரேன்' என்ற அளவுக்கு இடம் கொடுக்கலாம். சலிப்பு இடைச்சொல் என்றால் 'சே', 'அட போப்பா'. பல இடங்களில் விட்டுவிடுவதே நல்லது. இந்தியில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை வரும் 'யார்' ஒவ்வொன்றுக்கும் 'மச்சி' போட்டால், பாத்திரங்கள் எல்லாரும் ஒரே கல்லூரி விடுதியில் படித்தவர்கள்போல் ஆகிவிடுவார்கள். பெண்கள் பேசும் காட்சியில் 'டா'வுக்குப் பதில் 'டீ' என்று இயந்திரம்போல் மாற்றுவதும் சரிவராது. 'டீ' சில வீடுகளில் செல்லம், சில வீடுகளில் அவமதிப்பு. அங்கே பெயரைச் சொல்லி அழைப்பது பாதுகாப்பானது.

வசனத்தையே தமிழில் பேசிச் சேர்க்கும் குரல் மாற்றத்தில் இன்னொரு கட்டுப்பாடு சேருகிறது. 'யார்' சொல்லும்போது உதடுகள் ஒட்டுவதில்லை, வாய் திறக்கிறது. 'டா'வும் அப்படித்தான், ஆகவே அண்மைக் காட்சியிலும் பொருந்திவிடும். 'மச்சி' மகரத்தில் தொடங்குவதால் உதடுகள் மூடியாக வேண்டும். திரையில் வாய் திறந்திருக்க, காதில் மகரம் கேட்டால் பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாமலேயே உறுத்தும். 'பாஸ்' உதடு மூடித் தொடங்குவது. அதை எடுத்துவிட்டு 'சார்' போட்டாலும் இதே உறுத்தல்தான்.

இந்தி தெரியாதவர் தொனியை மட்டும் கேட்டு முடிவுக்கு வரலாமா?

பாதி தூரம் போகலாம். கெஞ்சலையும் வியப்பையும் சோர்வையும் மொழி தெரியாமலேயே பிரித்துவிடலாம். தமிழ்க் காதுக்கு அந்தச் சுருதிகள் அந்நியமல்ல. ஆனால் இரண்டு இடங்களில் காது ஏமாறும். ஒன்று, சிரித்த குரலில் வரும் 'பாஸ்'. குரல் இனிமையாக இருக்கும், வினைமுடிவு 'ஆப்' படிக்கு ஏறியிருக்கும். ஏறியதைத் தெரிந்தவருக்கே அது குத்தல் என்று புரியும். மற்றொன்று, முரட்டுத்தனமாக வரும் 'அபே யார்'. 'அபே' தனித்து நின்றால் மட்டமான விளி, 'டேய்' என்பதிலும் கடுமையானது. ஆனால் வெகுநாள் நண்பர்களுக்கிடையில், குறிப்பாகத் தில்லி, உத்தரப் பிரதேசப் பின்னணிக் கதைகளில், 'அபே யார்' என்று கத்திக்கொண்டே ஒருவன் மற்றவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான். ஒலியை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியில் கைகளை மட்டும் ஒரு முறை பாருங்கள், பிறகு ஒலியோடு பாருங்கள். கை ஒன்றைச் சொல்லி, குரல் வேறொன்றைச் சொன்னால், இந்திப் பட வசனத்தில் நான் பெரும்பாலும் கையைத்தான் நம்புவேன்.